ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதில் போதும்

போன மாதம் என் தங்கையின் பேத்தி, கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்திருக்கிறது என்று திருச்சி வீட்டுக்கு வந்தாள். நிர்வாகப் பிரிவில் வேலை. இதற்கு முன்னால் இரண்டு இடங்களில் போய்த் தவறிவிட்டது. கடிதத்தில் ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள்: வெளிநோயாளிகளின் காத்திருப்பு நேரத்தைக் குறைத்தல். ஐந்து நிமிடம் பேச வேண்டும், மூன்று ஸ்லைடுக்கு மேல் கூடாது, பிறகு பத்து நிமிடம் கேள்விகள். "தாத்தா, நீங்கதான் பேங்க்ல இன்டர்வியூ போர்டுல எல்லாம் உட்கார்ந்தவராச்சே, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

உட்கார்ந்தவன்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆறேழு வருடங்களில், பதவி உயர்வுக் குழுக்களில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவளுக்கு நான் முதலில் சொன்னது அந்தக் கதையை அல்ல. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கோட்டை விட்ட கதையைத்தான்.

1987. அப்போது நான் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். பதவி உயர்வு இன்டர்வியூவில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பு, கிராமக் கிளைகளில் கடன் வசூலை மேம்படுத்துதல். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஏனென்றால் அந்த விஷயத்தில் நான் உருப்படியாக ஒன்று செய்திருந்தேன். மானியத்தோடு கறவை மாட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மாடு வாங்கியவர்கள் பாலைக் கூட்டுறவுப் பால் சங்கத்தில்தான் ஊற்றுவார்கள். நான் சங்கத்துச் செயலாளரைப் பிடித்து, கடன்காரர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கி, பால் பணம் பட்டுவாடா ஆகும்போதே தவணையைப் பிடித்து எங்கள் கிளைக்குக் கட்டும்படி ஏற்பாடு செய்திருந்தேன். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. வசூல் தானாக வந்தது.

இதைச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? நான் எப்படி ஆரம்பித்தேன் தெரியுமா? "1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன" என்று ஆரம்பித்தேன். அங்கிருந்து முன்னோடி வங்கித் திட்டத்துக்கு வந்தேன். அதிலிருந்து 1980ல் மேலும் ஆறு வங்கிகள். பிறகு கிராமக் கடனின் முக்கியத்துவம். பிறகு கடன் நிலுவைக்கான காரணங்கள்: மழை பொய்ப்பது, வெள்ளம், விலை வீழ்ச்சி. "இனி தீர்வுகளுக்கு வருகிறேன்" என்று சொல்லி மூச்சு வாங்கும்போது மேஜை மேலிருந்த மணியை அடித்துவிட்டார்கள். பால் சங்கம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ரொம்ப நாள் நேரம் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே குழுவில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் 1955ல் ஸ்டேட் பாங்க் உருவானதிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

இது என் ஒருவன் குறை என்று நான் நினைக்கவில்லை. நம் பக்கம் பேச்சு என்றால் மேடைப் பேச்சுதான் நமக்குத் தெரியும். அவைக்கு வணக்கம், தலைவருக்கு வணக்கம், ஒரு மேற்கோள், ஒரு வரலாறு, ஒரு குட்டிக்கதை, கடைசியில்தான் விஷயம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சைக் கேட்கவே வந்தவர்கள், அவர்களுக்கு அவசரமில்லை. அலுவலகத்திலும் இதே பழக்கம்தான். ஆபீஸ் நோட் எழுதினால் முன்கதை முதல் பக்கத்தில், பரிந்துரை கடைசிப் பாராவில். நாற்பது வருடம் அப்படி எழுதிய கை, பேரப்பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறது.

இன்டர்வியூ அறையில் நிலைமை வேறு. எங்கள் குழுவில் ஒரே நாளில் பன்னிரண்டு பதினான்கு பேரைப் பார்ப்போம். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மார்க் போடும் கட்டங்கள். நான் அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன், "பால் சங்கம் மூலம் பிடித்தம்" என்பது மாதிரி. மாலையில் எல்லோரையும் ஒப்பிட்டுப் பேசும்போது அந்த ஒரு வரிதான் எனக்குக் கைகொடுக்கும். அருமையாக, தங்குதடையில்லாமல் பேசிய சிலருக்கு அந்த வரியை எழுத முடியாமலே போயிருக்கிறது. "அந்த நீலச் சட்டைக்காரர் என்ன சொன்னார்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். அவருக்கும் தெரியாது. "நல்லாப் பேசினாருங்க" என்பார். அவ்வளவுதான். திக்கித் திக்கிப் பேசி, ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னவருக்கு எதிரே அந்த வரி இருக்கும்.

அதனால் என் கட்சி இதுதான். ஐந்து நிமிடப் பேச்சு என்பது சின்னச் சொற்பொழிவு அல்ல. ஒரு கேள்விக்கு ஒரு பதில். அந்தப் பதிலை முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அதை நம்ப வைப்பதற்கு.

பெண் தயார் செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். மூன்று ஸ்லைடுதான் என்று சொல்லியிருந்தும் பதினான்கு போட்டு, "அப்புறம் குறைச்சுக்கலாம்னு" என்றாள். வெளிநோயாளி பிரிவு என்றால் என்ன, காத்திருப்பின் வகைகள், எட்டுக் காரணங்கள், மீன் முள் மாதிரி ஒரு படம், ஒன்பது பரிந்துரைகள், கடைசியில் பூங்கொத்துப் போட்டு நன்றி. ஒன்பது பரிந்துரைகளில் ஒன்று மொபைல் ஆப், ஒன்று கூடுதல் டாக்டர்கள், ஒன்று வரவேற்பறையில் மென்மையான இசை. எல்லாம் சரிதான், தப்பென்று எதையும் சொல்ல முடியாது. எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரிக்கும் இதை அப்படியே சொல்லலாம்.

"நாற்பது சதவீதம் காத்திருப்பு குறையும்" என்று ஒரு வரி இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த நாற்பது என்றேன். சிரித்தாள். அதை முதலில் அடிக்கச் சொன்னேன். குழுவில் ஒருவர், ஒரே ஒருவர், "எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டால் போதும். அதற்குப் பிறகு அவள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

பிறகு தலைப்பையே திரும்பப் படிக்கச் சொன்னேன். 'குறைத்தல்' என்று கேட்டிருக்கிறார்கள். காரணங்களை அவர்கள் கேட்கவே இல்லை. தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி, "நீ இங்கே வேலைக்கு வந்தால் முதலில் எதை மாற்றுவாய்?" என்பதுதான். என்னுடைய தலைப்பிலும் 'மேம்படுத்துதல்' என்றுதான் இருந்தது. நான்தான் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை.

"நீ சொந்தக் கண்ணால பார்த்த காத்திருப்பு எது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை, "என்னைச் சுகர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, மறந்துட்டியா? ரெண்டு நாள் அலைஞ்சோமே அண்ணா!" என்று என்னிடம் முறையிட்டாள். அங்கேதான் எங்களுக்கு விஷயம் கிடைத்தது.

அந்த இரண்டு நாளையும் கடிகாரம் வைத்து எழுதினோம். முதல் நாள் காலை 9.10க்குப் போய் டோக்கன் வாங்கியிருக்கிறார்கள். 10.55க்கு டாக்டரைப் பார்த்தார்கள். ஆறு நிமிடம். டாக்டர், "ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே? வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரெண்டும் பார்க்கணுமே" என்றார். தங்கை காலையிலேயே இட்லி சாப்பிட்டாயிற்று. வெளியே வரும்போது மணி 11.10. மறுநாள் காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, அதை எடுத்துக்கொண்டு மறுபடி டோக்கன் வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்தது 12.40க்கு. நான்கு நிமிடம். 12.50க்கு ஆட்டோ. இரண்டு காலைப்பொழுதும் சேர்த்துக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், டாக்டர் முகத்தைப் பார்த்தது பத்து நிமிடம்.

டாக்டர் தாமதமாக வரவில்லை. ஊழியர்கள் சோம்பேறிகளும் அல்ல. வேலைகளின் வரிசைதான் தலைகீழாக இருந்தது. பரிசோதனை இல்லாமல் டாக்டரைப் பார்த்ததால், டாக்டருக்கான வரிசையில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. தொடர்ந்து வரும் சர்க்கரை நோயாளிக்கு அடுத்த முறை என்ன பரிசோதனை வேண்டும் என்பது இந்த முறையே டாக்டருக்குத் தெரியும். அதைச் சீட்டிலேயே எழுதிவிட்டால், முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து "சாப்பிடாமல் 7 மணிக்கு வாங்க" என்று சொல்லலாம். ஏழுக்கு ஒரு முறை, ஒன்பதரை வாக்கில் ஒரு முறை ரத்தம். 11 மணிக்கு டாக்டர் மேஜையில் ரிப்போர்ட்டோடு இவர்கள் முறை. 11.15க்கு வீட்டுக்குக் கிளம்பலாம். எட்டு மணி நேரம் நாலேகால் ஆகிறது, ஒரு நாள் அலைச்சல் அப்படியே போகிறது. ஒன்பது பரிந்துரைகளையும் விட்டுவிட்டு இது ஒன்றை மட்டும் பேசு என்றேன்.

அவளுக்கு மனசு வரவில்லை. "அந்த ஒன்பதையும் விட்டா, எனக்கு ஒண்ணுதான் தெரியும்னு நெனைச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். நியாயமான பயம்தான். எல்லாப் பிள்ளைகளையும் பதினான்கு ஸ்லைடு போட வைப்பது இந்தப் பயம்தான். ஆனால் பேச்சுக்குப் பிறகு பத்து நிமிடம் கேள்வி இருக்கிறது. வெட்டிப் போட்டதெல்லாம் அங்கே பதிலாக வரும். "புது நோயாளிகளுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் நேரம் ஒதுக்கி டோக்கன் கொடுப்பதைப் பற்றிச் சொல்லட்டும். தானாகக் கொட்டினால் பட்டியல், கேட்ட பிறகு சொன்னால் அறிவு. நாங்கள் குழுவில் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது நேரத்தைப் பிரிப்பது. முதல் அரை நிமிடம் பதில்: "தொடர்ந்து வரும் நோயாளிகளுக்கு, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பரிசோதனையை முடித்துவிட வேண்டும். அதுதான் நான் முதலில் மாற்ற நினைப்பது." பிறகு ஒன்றேகால் நிமிடம் பாட்டியின் இரண்டு நாள், கடிகார நேரத்தோடு. பிறகு ஒன்றரை நிமிடம் மாற்றம்: டாக்டர் எதை எழுத வேண்டும், முந்தின நாள் யார் போன் செய்ய வேண்டும், லேபில் எத்தனை மணிக்கு ஆள் வேண்டும். பிறகு முக்கால் நிமிடம் இது எங்கே உதவாது என்பது. கடைசி இருபது வினாடி முதல் அடி: ஒரே ஒரு பிரிவில் ஒரு மாதம், மாற்றத்துக்கு முன்னால் முப்பது நோயாளிகள், பின்னால் முப்பது நோயாளிகள், வந்த நேரமும் போன நேரமும் எழுதிப் பார்ப்பது. கூட்டிப் பாருங்கள், நாலு நிமிடம் இருபது வினாடி வரும்.

மிச்சம் நாற்பது வினாடி வீணில்லை. உள்ளே போய் நிற்கும்போது புரொஜெக்டர் கண் விழிக்க நேரமாகும். யாராவது காபி கொண்டுவருவார்கள். தொண்டை அடைக்கும். ஐந்து நிமிடத்துக்குச் சரியாக அளந்து தைத்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் கடைசியில் இழுபறி. இங்கிலீஷில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120, 130 வார்த்தை வரும். அவள் முதலில் எழுதியிருந்தது 900 வார்த்தைக்கு மேல். "வேகமாப் பேசிடுவேன் தாத்தா" என்றாள். வேகமாகப் பேசலாம், கேட்பவர்கள் வேகமாகக் கேட்க மாட்டார்களே.

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன், நடுவில் இருப்பதை அல்ல. நடுவை மனப்பாடம் செய்தவர்கள் ஒரு சொல் மறந்தால் அத்தனையும் மறந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் திரும்ப முதலிலிருந்தே ஆரம்பித்தார், பாவம். கடைசி வாக்கியம் கையில் இருந்தால், யாராவது "ஒரு நிமிடம்தான் இருக்கு" என்று சொல்லும்போது நடுவில் ஒரு துண்டை விட்டுவிட்டு நேரே அங்கே போய்விடலாம். அவள் விடுவதற்குக் குறித்துக்கொண்டது, போன் யார் செய்வது என்ற பகுதியை. அது கேள்வியில் எப்படியும் வரும்.

எங்கே உதவாது என்பதைத் தானே சொல்வதா, அது பலவீனம் இல்லையா என்று என் மருமகன் கேட்டார். எதிரே இருப்பவர்கள் யாரென்று தெரியாது. மூன்று நான்கு பேரில் ஒருவர் அனேகமாக டாக்டராக இருப்பார், ஒருவர் கணக்குப் பார்ப்பவர், ஒருவர் ஆள் எடுக்கும் பிரிவு. அதனால் வார்த்தைகள் குறைவாகத் தெரிந்தவருக்குப் புரிய வேண்டும், சொல்லும் விஷயத்தை அதிகம் தெரிந்தவர் மறுக்கக் கூடாது. டாக்டர் உடனே நினைப்பது, "நான் பார்க்காமலே பரிசோதனை செய்தால் தேவையில்லாததற்கெல்லாம் நோயாளி பணம் கட்டுவாரே" என்பதாக இருக்கும். அதை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்: போன முறை டாக்டர் கையெழுத்துப் போட்டு எழுதியது மட்டும்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. புதிதாக வருபவர்களுக்கு இந்த வழி உதவாது. பாட்டியின் கதை ஒரு எடுத்துக்காட்டு, அதுவே சான்று ஆகாது, அதனால்தான் முப்பது பேர். இந்த மூன்றையும் சொன்னவளிடம் குழு சண்டை போட வராது, பேசத்தான் வரும்.

ஸ்லைடு ஒன்றே ஒன்று வைத்தோம். மேலே ஒரு கோடு, பாட்டியின் இரண்டு நாள், நேரங்களோடு. கீழே ஒரு கோடு, மாற்றிய பிறகு ஒரு நாள். வேறு எழுத்தே கிடையாது. அதையே தாளில் ஐந்து பிரதி எடுத்துப் பையில் வைக்கச் சொன்னேன். பென் டிரைவ் எல்லா இடத்திலும் திறந்துவிடுகிறதா என்ன?

பிறகு பரீட்சை. என் மனைவிக்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் எதுவும் தெரியாது. முதல் நாள் பழைய பேச்சைக் கேட்கவைத்து, காபி குடித்து முடித்த பிறகு, "என்ன சொன்னா?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில ஒண்ணுமே சரியில்லைங்கிறா" என்றாள். இரண்டு நாள் கழித்துப் புதுப் பேச்சு. மறுபடி காபி, மறுபடி கேள்வி. "டாக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துடணும்ங்கிறா, சரிதானே?" என்றாள். பென்சில் வரி கிடைத்துவிட்டது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். குழுவில் சிலருக்கு இந்த முறை பிடிக்காது. தலைப்பின் எல்லாப் பக்கத்தையும் தொட வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெரியவர்கள் உண்டு. கடிதத்தில் 'விவரிக்கவும்', 'ஒப்பிடவும்' என்று இருந்தால் ஒரே பதில் போதாது, கேட்டதைத்தான் செய்ய வேண்டும். அப்போதும் ஒப்பிட்டு எது மேல் என்பதை முதலில் சொல்லலாம். வரலாற்றிலிருந்து ஆரம்பிக்க மட்டும் யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்டர்வியூ அன்று மதியம் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. நாலு பேர் இருந்தார்களாம். கணக்குப் பார்ப்பவர் மாதிரி இருந்தவர், "காலை 7 மணிக்கு லேபில் ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் யார் தருவது?" என்று கேட்டாராம். "புது ஆள் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். 11 மணிக்கு மொத்தமாக வரும் ரத்தம்தான் 7 மணிக்கு வரும், ஒருவரின் ஷிஃப்டை முன்னால் தள்ளினால் போதும். ஆனால் உங்கள் டூட்டி அட்டவணையை நான் பார்த்ததில்லை, முதல் வாரம் அதைத்தான் பார்ப்பேன்" என்றாளாம். டாக்டர் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். இரண்டும் அவள் வெட்டிப்போட்ட ஸ்லைடுகளில் இருந்தவை.

இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் போகிறாள். எனக்கு அதைவிட வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. மணி அடித்தார்களா என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, அவங்க போன்ல அலாரம் வெச்சிருந்தாங்க. நான் பேசி முடிச்சு உட்கார்ந்த அப்புறந்தான் அது அடிச்சுது" என்றாள்.